மூன்றாவது கடிகாரம்

சுங்கை பட்டாணியில் ஒரு நூலின் முனையைக் கட்டி, நேர் வடக்கே இழுத்துக்கொண்டே போனால் அது பாங்காக் நகரத்தில் போய் நிற்கும். இரண்டு ஊர்களுமே கிழக்குத் தீர்க்கரேகை நூறரைப் பாகையை ஒட்டி இருப்பவை. சூரியன் இரண்டு ஊரிலும் ஒரே சமயத்தில்தான் உச்சிக்கு வருகிறது. அந்தச் சமயத்தில் பாங்காக் கடிகாரம் சராசரியாக 12.18 காட்டும், நம் கடிகாரம் 1.18 காட்டும். நிழல் ஒன்றாக விழுகிறது, மணி ஒன்றாக இல்லை. நேர மண்டலக் கணக்கைப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தரும்போது உலக உருண்டையைச் சுழற்றிக் காட்டி, 'பதினைந்து பாகைக்கு ஒரு மணி' என்று தொடங்குவது வழக்கம். கெடாவில் உட்கார்ந்துகொண்டு அப்படித் தொடங்குவது சரிதானா என்பது என் சந்தேகம். நம் ஊர்ச் சூரியன் கணக்கிட்டுத் தரும் நேரம் கிரீன்விச்சைவிட 6 மணி 42 நிமிடம்தான் முந்தி நிற்கிறது. சுவரில் மாட்டியிருக்கும் கடிகாரமோ 8 மணி முந்தி நிற்கிறது. இடையிலிருக்கும் 1 மணி 18 நிமிடத்தைச் சூரியன் வைக்கவில்லை, அரசாங்கம் வைத்தது.

இதைப் பிள்ளைகளிடம் முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. தீர்க்கரேகையை வைத்து மணியை ஊகிக்கும் பழக்கம் அப்போது வராது. எந்த ஊர் கிரீன்விச்சிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கிறது என்பதை அந்த நாடு சொன்னபடி எழுதி வைத்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். மலேசியா 8.00 முந்தி, தாய்லாந்து 7.00 முந்தி, இந்தியா 5.30 முந்தி. லண்டன் குளிர்காலத்தில் சுழியம், கோடையில் 1.00 முந்தி. கெடாத் தமிழ்க் குடும்பம் ஒன்று போன் போடும் ஊர்கள் பெரும்பாலும் இவற்றுக்குள் அடங்கிவிடும்.

தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டுக் கணிதத்தில் நேர மண்டலம் வருகிறது. பயிற்சி நூல்களில் நான் பார்க்கும் கணக்குகள் பெரும்பாலும் இரண்டு ஊர்க் கணக்குகள்: கோலாலம்பூரில் மணி இத்தனை, தோக்கியோவில் எத்தனை? ஒரு மணியைக் கூட்டினால் முடிந்தது. இரண்டு ஊர்க் கணக்கில் உள்ள குறை, அது சுலபம் என்பதல்ல. பிள்ளை தவறாகப் போட்டால் அந்தத் தவறை அவனே கண்டுபிடிக்க அதில் வழியில்லை. கூட்ட வேண்டிய இடத்தில் கழித்திருந்தாலும் விடை பார்க்க ஒழுங்கான மணியாகத்தான் இருக்கும். பின்பக்கம் திருப்பி விடையைப் பார்த்தால்தான் தெரியும். மூன்றாவது ஊர் ஒன்று உள்ளே வந்துவிட்டால் நிலைமை மாறிவிடும். இருவர் வழக்கில் வெளியாள் ஒருவன் சாட்சிக்கு நிற்பதைப் போல அந்த ஊர் நிற்கும். முதல் ஊரிலிருந்து இரண்டாவதற்கும், இரண்டாவதிலிருந்து மூன்றாவதற்கும், அங்கிருந்து திரும்ப முதல் ஊருக்கும் போய்ச் சேர்ந்தால், புறப்பட்ட மணியே கிடைக்க வேண்டும். கிடைக்கவில்லை என்றால் எங்கோ சறுக்கியிருக்கிறது.

கணக்குத்தாளை நான் தீபாவளியில் தொடங்குகிறேன். 2024ஆம் ஆண்டு தீபாவளி அக்டோபர் 31, வியாழக்கிழமை. பாடாங் செராயில் ஓர் அம்மா விடியற்காலை 5.30க்கு எண்ணெய் தேய்த்துக் குளிக்க எல்லாரையும் எழுப்புகிறார். மூத்த மகன் லண்டனில், மகள் சென்னையில் படிக்கிறாள். மூவரும் ஒரே நேரத்தில் திரையில் முகம் பார்க்க வேண்டும். அங்கெல்லாம் மணி என்ன, கிழமை என்ன?

முதல் படி கிரீன்விச்சுக்குப் போவது. நம் மணியிலிருந்து 8.00 கழிக்க வேண்டும். 5.30 இல் 8.00 போகாது. இந்த இடத்தில் பாதி வகுப்பு, பெரியதிலிருந்து சிறியதைக் கழித்து 2.30 என்று எழுதிவிடும். போகாதபோது முந்தின நாளிலிருந்து 24 மணி கடன் வாங்க வேண்டும். 5.30 உடன் 24.00 சேர்த்தால் 29.30. அதில் 8.00 போனால் 21.30. கடன் வாங்கியது நேற்றிடமிருந்து என்பதால் கிழமை புதன். ஆகவே கிரீன்விச்சில் புதன் இரவு 9.30. லண்டன் கடிகாரம் அக்டோபர் கடைசி ஞாயிறன்று குளிர்கால நேரத்துக்குத் திரும்பிவிடுகிறது. 2024இல் அந்த ஞாயிறு 27ஆம் தேதி. எனவே 31ஆம் தேதிக்கு லண்டனும் கிரீன்விச்சும் ஒன்றே. மகனுக்குப் புதன் இரவு 9.30. அவனுக்கு இன்னும் தீபாவளி பிறக்கவில்லை.

சென்னைக்கு 21.30 உடன் 5.30 கூட்ட வேண்டும். கூட்டினால் 26.60. அறுபது நிமிடம் ஒரு மணி, ஆகவே 27.00. இருபத்து நான்கைத் தாண்டிவிட்டதால் அதைக் கழித்தால் 3.00, கிழமை வியாழன். மகளுக்கு வியாழன் அதிகாலை 3 மணி. சாட்சியைக் கூப்பிடுவோம். சென்னையிலிருந்து நேராகக் கெடாவுக்கு வர 2.30 கூட்டினால் 5.30, வியாழன். புறப்பட்ட இடத்துக்கே வந்துவிட்டோம்.

இதே கணக்கை அடுத்த வருடத்துக்குப் போடச் சொல்வேன், மணியைக்கூட மாற்றாமல். 2025 தீபாவளி அக்டோபர் 20, திங்கட்கிழமை. அந்த வருடம் லண்டன் கடிகாரம் திரும்பியது 26ஆம் தேதி ஞாயிறு. ஆக, தீபாவளி அன்று லண்டன் இன்னும் கோடை நேரத்தில் இருக்கிறது. கிரீன்விச்சில் ஞாயிறு இரவு 9.30 ஆக இருக்கும்போது மகனுக்கு இரவு 10.30. சென்னை மட்டும் அசையவில்லை, அதே அதிகாலை 3 மணி. தீபாவளி ஐப்பசி அமாவாசையை ஒட்டி வருவதால் அக்டோபர் கடைசி ஞாயிறுக்குச் சில வருடம் முன்பும் சில வருடம் பின்பும் விழுகிறது. லண்டனுக்கு ஏழு மணி வித்தியாசமா எட்டு மணியா என்று மனப்பாடமாகச் சொல்லும் பிள்ளைக்கு இந்தப் பண்டிகை நல்ல சோதனை. தேதியைக் கேட்காமல் லண்டன் மணியைச் சொல்ல முடியாது.

அரைமணியைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். இந்தியா இந்தக் கணக்குகளில் இருப்பதே அந்த அரைமணிக்காகத்தான். கெடாவில் காலை 5.15 என்றால் சென்னையில்? 2.30 கழிக்க வேண்டும். ஒரு பிள்ளை 2.85 என்று எழுதுகிறான். 515 இல் 230 போனால் 285, அவன் கழித்தலில் தவறே இல்லை. நிமிடத்தை நூறுக்கு நூறு என்று எண்ணிவிட்டான், அவ்வளவுதான். இந்தத் தவறு பளிச்சென்று தெரியும். முப்பதுக்குக் குறைவான நிமிடத்திலிருந்து முப்பதை இப்படிக் கழித்தால் எப்போதும் 70க்குக் குறையாத நிமிடம்தான் விடையாக வரும். அப்படி ஒரு நிமிடத்தை எந்தக் கடிகாரமும் காட்டாது.

தெரியாத தவறு இதற்கு அடுத்த அடியில் இருக்கிறது. கொஞ்சம் கெட்டிக்காரப் பிள்ளை 2.85ஐப் பார்த்து, 'எண்பத்தைந்து நிமிடம் கிடையாதே' என்று யோசித்து, கூட்டலில் செய்ததைப் போலவே அறுபதை எடுத்து ஒரு மணியாக்கி 3.25 என்று திருத்திவிடுவான். இப்போது விடை சுத்தமாக இருக்கிறது. பார்ப்பவர் கண்ணிலும் உறுத்தாது. ஆனால் சரியான விடை 2.45. கூட்டலில் 26.60ஐ 27.00 ஆக்கியது சரி. அங்கே அறுபது நிமிடங்கள் உண்மையாகவே சேர்ந்திருந்தன. கழித்தலில் வந்த 85 உண்மையான நிமிடங்கள் அல்ல. ஒரு மணியைக் கடன் வாங்கும்போது அறுபது நிமிடம் வாங்க வேண்டியவன் நூறு வாங்கிவிட்டான். அதிகமாக வாங்கியது நாற்பது. ஆகையால் இந்தத் தவறு செய்தவனின் விடை எப்போதும் சரியாக 40 நிமிடம் கூடி நிற்கும். 3.25க்கும் 2.45க்கும் இடையே பாருங்கள், நாற்பதுதான். தாள் திருத்துகிறவர்கள் இதை அறிந்து வைத்துக்கொண்டால், நாற்பது நிமிடம் பிசகிய விடையைக் கண்டதும் பிள்ளை எந்த வரியில் வழுக்கினான் என்று செய்முறையைப் பார்க்காமலே சொல்லிவிடலாம். பிள்ளை தானே கண்டுபிடிக்க வேண்டுமென்றால் சாட்சி இருக்கிறது. 3.25 உடன் 2.30 கூட்டினால் 5.55. புறப்பட்டதோ 5.15.

இனி வடக்கே போகலாம். கெடாப் பிள்ளைகளில் லண்டனைப் பார்த்தவர்கள் குறைவு, ஹாட்யாயைப் பார்த்தவர்கள் நிறைய. சுங்கை பட்டாணியில் மின்சார ரயில் ஏறினால் அலோர்ஸ்டார் வழியாகப் பெர்லிசின் பாடாங் பெசாருக்குப் போய்விடலாம். அந்த ஒரே நிலையத்தில் இரண்டு நாட்டு ரயில்களும் வருகின்றன. நம் ரயிலின் அட்டவணை மலேசிய மணியில் இருக்கும்; அங்கிருந்து ஹாட்யாய் போகும் ரயில் தாய்லாந்து மணியில் ஓடும். பயணிகள் குழம்புவது இந்த இடத்தில்தான். எண்களை நான் கணக்குக்காக வைத்துக்கொள்கிறேன், பயணத்துக்கு யாரும் இதை நம்ப வேண்டாம். நம் ரயில் பாடாங் பெசாரைச் சேர்வது பகல் 11.50. ஹாட்யாய் ரயில் புறப்படுவது 11.30 என்று தாய்லாந்து அட்டவணை சொல்கிறது. ரயில் கிடைக்குமா, போய்விட்டதா? கிடைத்தால், ஐம்பத்தைந்து நிமிடப் பயணத்துக்குப் பிறகு ஹாட்யாயில் இறங்கியதும் சென்னையிலிருக்கும் மாமாவுக்குச் செய்தி அனுப்பினால், அவர் கடிகாரத்தில் என்ன மணி?

இரண்டு எண்களை மட்டும் பார்த்துவிட்டு 'இருபது நிமிடத்தில் தவறவிட்டோம்' என்பது அவசர விடை. தாய்லாந்து 11.30இலிருந்து 7.00 போனால் கிரீன்விச்சில் 4.30. மலேசிய 11.50இலிருந்து 8.00 போனால் 3.50. இரண்டும் இப்போது ஒரே தட்டில் வந்துவிட்டன. நாம் சேர்வது 3.50, ரயில் புறப்படுவது 4.30. கையில் நாற்பது நிமிடம் இருக்கிறது, குடிநுழைவுச் சோதனையை முடிக்க. புறப்படும் 4.30 உடன் பயண நேரம் 55 நிமிடம் கூட்டினால் கிரீன்விச்சில் 5.25. சென்னைக்கு 5.30 கூட்டினால் 10.55. ஹாட்யாய்க்கு 7.00 கூட்டினால் 12.25. நம் கைக்கடிகாரத்தைத் திருப்பி வைக்காமல் இருந்தால் அது 1.25 காட்டும்.

இந்தக் கணக்கில் பிள்ளைகள் செய்யும் குளறுபடி, பயண நேரத்தையும் மண்டல வித்தியாசத்தையும் ஒரே கலயத்தில் ஊற்றிவிடுவது. புறப்பட்டது 11.30, சேர்ந்தது சென்னை மணியில் 10.55, ஆகவே பயணம் முப்பத்தைந்து நிமிடம் பின்னோக்கிப் போனது என்று ஒருவன் எழுதினால் அதைக் கேலி செய்யத் தோன்றாது எனக்கு. இரண்டு எண்ணும் இரண்டு ஊர்க் கடிகாரத்தைச் சேர்ந்தவை என்பதை அவன் எழுதி வைக்கவில்லை, அவ்வளவுதான். பயண நேரம் எந்தக் கடிகாரத்துக்கும் சொந்தமில்லை. அதைக் கூட்டுவதற்கு மிகப் பத்திரமான இடம் கிரீன்விச் நேரம்தான். அங்கே போய்க் கூட்டிவிட்டு அதற்குப் பிறகு ஊருக்கு இறங்க வேண்டும். ஒவ்வொரு மணிக்குப் பக்கத்திலும் ஊர்ப்பெயரை எழுதாத செய்முறைக்கு, விடை சரியாக இருந்தாலும் நான் முழு மதிப்பெண் தரமாட்டேன்.

இதுவரை சொன்னவை எல்லாம் இன்றைய கணக்குகள். தோட்டத்தில் பிறந்து வளர்ந்த பெரியவர்களிடம் இந்தியாவுக்கும் நமக்கும் எவ்வளவு வித்தியாசம் என்று கேட்டுப் பாருங்கள். சிலர் இன்னும் 'ரெண்டு மணி' என்பார்கள். பேரப்பிள்ளை சிரிப்பான். பெரியவர் சொல்வது அவர் காலத்துக்குச் சரி. 1941 செப்டம்பரிலிருந்து, ஜப்பான்காரன் தோக்கியோ மணியைக் கொண்டுவந்த ஆண்டுகள் நீங்கலாக, தீபகற்ப மலேசியாவின் கடிகாரம் கிரீன்விச்சைவிட 7.30 தான் முந்தி நின்றது. சபாவும் சரவாக்கும் 8.00 இல் இருந்தன. ஒரே நாட்டுக்குள் அரைமணி வித்தியாசம். அலோர்ஸ்டாரில் பிறந்த மகாதீர் 1981 ஜூலையில் பிரதமரானார். அந்த ஆண்டின் முடிவில் தீபகற்பமும் கிழக்கு மலேசியாவின் மணிக்கு மாறியது. சிங்கப்பூரும் கூடவே மாறியது. 1981 டிசம்பர் 31 இரவு மணி 11.30 ஆனதும் முள்ளை 12.00க்கு நகர்த்தினார்கள். 1982 பிறந்தது.

அன்றிரவு 11.30க்கும் 12.00க்கும் இடையே தீபகற்பத்தில் எந்த நிமிடமும் இல்லை. கணக்குத்தாளுக்கு இதைவிட நல்ல சரக்கு கிடைக்காது. கூலிம் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் இரட்டைப் பிள்ளைகள் பிறக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். அக்காள் பிறந்தது 1981 டிசம்பர் 31, இரவு 11.20. தங்கை பிறந்தது 1982 ஜனவரி 1, 12.10. இருவருக்கும் இடையே எத்தனை நிமிடம்? எல்லாரும் ஐம்பது என்பார்கள். கிரீன்விச்சுக்குப் போய்ப் பார்க்கலாம். அக்காளின் 23.20 பழைய கடிகாரம், ஆகவே 7.30 கழிக்க வேண்டும்: 15.50. தங்கையின் 12.10 புதிய கடிகாரம், நள்ளிரவு தாண்டிய 0.10. அதில் 8.00 போகாது; 24 கடன் வாங்கி, 24.10இலிருந்து 8.00 போனால் 16.10, முந்தின நாள். அதாவது அதே டிசம்பர் 31. இடைவெளி இருபது நிமிடம். சென்னையில் பார்த்தால் அக்காள் இரவு 9.20, தங்கை 9.40. அந்த ஊரில் அன்று எந்த முள்ளும் நகர்த்தப்படவில்லை. ஆகவே சென்னையின் சாட்சியத்தை மறுக்க முடியாது. நம் ஊரில் வருடமே வேறாகிப்போன இரண்டு பிறப்புகள் அங்கே ஒரே இரவில் இருபது நிமிட இடைவெளியில் நிற்கின்றன.

தோட்டத்துக்கு இந்த அரைமணி என்ன செய்தது என்பதும் கணக்காகப் போடக்கூடியதுதான். பால் மரத்தை வெயில் ஏறுவதற்கு முன்னால் வெட்ட வேண்டும். பட்டைக்குள் அழுத்தம் அப்போது அதிகம், பால் நன்றாக ஓடும். வெயில் ஏற ஏற ஓட்டம் குறையும். மரத்துக்குத் தெரிந்தது சூரியன் மட்டும்தான். பெரட்டுக்கோ கடிகாரம். 1981 டிசம்பரில் 5.30க்குப் பெரட்டு என்றால், 1982 ஜனவரியில் அதே சூரிய நேரத்துக்கு 6.00 என்று எழுத வேண்டும். எழுதாமல் 5.30 என்றே விட்டுவிட்டால், கடிகாரத்தில் எதுவும் மாறாமலே வெட்டுக்காரர்கள் அரைமணி முன்னால் இருட்டில் எழுந்துகொண்டிருப்பார்கள். இன்றைக்குச் சுங்கை பட்டாணியில் பொழுது விடிவது ஏறக்குறைய 7 மணிக்கும் 7.35க்கும் இடையே. பிப்ரவரித் தொடக்கத்தில்தான் மிகவும் தாமதம். பள்ளிப் பிள்ளைகள் பேருந்து நிறுத்தத்தில் இருட்டில் நிற்பதற்கு, பூமியின் சாய்வைவிட அந்த 1982ஐத்தான் அதிகம் கேட்க வேண்டும்.

இந்த அரைமணி இன்னும் உயிரோடு திரிகிற ஓர் இடம் உண்டு: ஜாதகம். கல்யாணப் பேச்சு வந்தால் பிறந்த நேரத்தைக் கேட்கிறார்கள். இந்தியாவில் அச்சாகும் பஞ்சாங்கத்தை வைத்துக் கணிக்கிறவர், நம் பிறப்புச் சான்றிதழ் மணியை இந்திய மணியாக்கிக்கொள்ள வேண்டும். எவ்வளவு கழிப்பது? சோதிடம் பலிக்குமா என்பது என் கட்டுரைக்கு வெளியே. அது பலித்தாலும் பலிக்காவிட்டாலும் கழித்தல் சரியாக இருக்க வேண்டும் அல்லவா!

பெரிய வகுப்புப் பிள்ளைகளுக்கு நான் தரும் கணக்கு இது. பீடோங்கில் ஒருவர் 1975 மார்ச் 14, வெள்ளிக்கிழமை காலை 7.10க்குப் பிறந்தார். இந்திய மணி என்ன? பீடோங்கின் சூரிய மணி என்ன? பழைய கடிகாரம், ஆகவே 7.30 கழிக்க வேண்டும். 7.10 உடன் 24.00 சேர்த்து 31.10, அதில் 7.30 போனால் 23.40, மார்ச் 13. நாற்பது நிமிடப் பிசகு இங்கேயும் காத்திருக்கிறது, கவனம். இந்தியாவுக்கு 5.30 கூட்டினால் 29.10, அதாவது 14ஆம் தேதி காலை 5.10. பீடோங்கின் சூரிய மணிக்கு 6.42 கூட்டினால் 30.22, அதாவது காலை 6.22. அந்த நாளில் பீடோங்கில் பொழுது விடிவது சூரிய மணிப்படி ஏறக்குறைய 6.07. எனவே பிள்ளை பிறந்தது விடிந்து கால்மணி கழித்து. தமிழர் வழக்கப்படி நாள் மாறுவது சூரிய உதயத்தில். உதயம் ஆகிவிட்டது, கிழமை வெள்ளி.

இப்போது, மலேசியா என்றால் 8.00 என்று மனப்பாடமாக வைத்திருப்பவர் இதே சான்றிதழைக் கணித்தால் என்ன ஆகும்? 31.10இலிருந்து 8.00 போனால் 23.10. இந்திய மணி 4.40. பீடோங் சூரிய மணி 5.52. இன்னும் விடியவில்லை! உதயத்துக்குக் கால்மணி இருக்கிறது. பஞ்சாங்கக் கிழமை வியாழனாகிவிடும். லக்னமோ ஏறக்குறைய இரண்டு மணிக்கு ஒரு ராசி என்று நகர்வது. அரைமணிப் பிழைக்கு ராசியில் கால் பங்கு தள்ளிப்போகும், எல்லையை ஒட்டிப் பிறந்தவருக்கு லக்னமே மாறிப்போகும். இந்தத் தவறு எப்படித் தெரியும்? 1982க்கு முன் கெடாவில் பிறந்தவரின் ஜாதகத்தில், குறித்திருக்கும் இந்திய மணிக்கும் சான்றிதழ் மணிக்கும் உள்ள வித்தியாசத்தைப் பாருங்கள். போருக்குப் பிந்திய பிறப்பென்றால் இரண்டு மணி இருக்க வேண்டும். இரண்டரை இருந்தால் கணித்தவர் இன்றைய மணியை அன்றைக்குப் போட்டிருக்கிறார். கணினியில் போட்டாலும் இதே சோதனைதான். சில செயலிகள் பழைய மாற்றங்களை அறிந்து வைத்திருக்கும். சில, 'எத்தனை மணி முந்தி' என்று நம்மிடமே கேட்கும், நாமும் எட்டு என்று தட்டிவிடுவோம்.

தாளின் கடைசிக் கணக்குக்கு மணியே விடையாக வராது. தோட்டத்துப் பிள்ளைகள் பலர் இப்போது வேலை செய்வது 1996இல் திறக்கப்பட்ட கூலிம் உயர் தொழில்நுட்பப் பூங்காவின் தொழிற்சாலைகளில். அங்கே பொறியாளராக இருப்பவர், பெங்களூரிலும் கலிபோர்னியாவிலும் இருப்பவர்களோடு ஒரே நேரத்தில் பேச வேண்டும். மூன்று பேருக்கும் வேலை நேரம் காலை 9 முதல் மாலை 6 வரை. மாதம் ஜூலை, கலிபோர்னியா கிரீன்விச்சுக்கு 7.00 பிந்தி. மூவருக்கும் பொருந்தும் நேரம் எது?

பிந்தி நிற்கும் ஊருக்கு மட்டும் கிரீன்விச் போகும்போது கூட்ட வேண்டும். இதை மறந்தவர் அங்கேயே தொலைந்தார். மூவரின் வேலை நேரத்தையும் கிரீன்விச் தட்டில் வைப்போம். கூலிம் 1.00 முதல் 10.00 வரை. பெங்களூர் 3.30 முதல் 12.30 வரை. கலிபோர்னியா 16.00 முதல் 25.00 வரை, அதாவது மறுநாள் 1.00 வரை. கூலிமும் பெங்களூரும் 3.30 முதல் 10.00 வரை ஒன்றாக விழித்திருக்கின்றன. கலிபோர்னியா முடிக்கும் கணத்தில் கூலிம் தொடங்குகிறது. ஒரு நிமிடம்கூட மேற்படியவில்லை. விடை: அப்படி ஒரு நேரம் இல்லை. கணக்கில் 'இல்லை' என்பதும் விடைதான் என்பதைப் பிள்ளைகள் சுலபத்தில் ஒப்புக்கொள்வதில்லை. எண் வரும்வரை எதையாவது கூட்டிக்கொண்டே இருப்பார்கள்.

ஒப்புக்கொண்டவர்களுக்கு ஒரு துணைக்கேள்வி உண்டு. நவம்பர் முதல் ஞாயிறு கழிந்ததும் கலிபோர்னியா 8.00 பிந்திப் போகிறது. அப்போது? அவர்கள் வேலை நேரம் கிரீன்விச்சில் 17.00 முதல் 26.00 வரை, அதாவது மறுநாள் 2.00 வரை. கூலிமில் காலை 9 முதல் 10 வரை ஒரு மணி நேரம் கிடைத்துவிட்டது. அங்கே அது முந்தின நாள் மாலை 5 முதல் 6. பெங்களூர்க்காரருக்கு அது காலை 6.30 முதல் 7.30. அவர்தான் சீக்கிரம் எழ வேண்டும்.